சேலை லாரி ஏறியாச்சு, ஆனா வித்தாச்சா? கன்சைன்மென்ட் சரக்கை எப்போது விற்பனைக் கணக்கில் எழுதலாம்?

மார்ச் கடைசி வாரம் வந்தால் சின்ன நிறுவனங்களின் அக்கவுன்ட்ஸ் அறையில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி நடக்கும்.

“என்னப்பா, கோயம்புத்தூருக்கு அனுப்பின 100 சேலையை ஏன் இன்னும் சேல்ஸ்ல காட்டலை? பில் போட்டாச்சு, சரக்கும் போய்ச் சேர்ந்தாச்சு.”

“முதலாளி, அது கன்சைன்மென்ட்ல போனது. கடைக்காரர் விக்கிற வரைக்கும் அது நம்ம சரக்குதான்.”

“அட, சரக்கு அவர்கிட்ட இருக்கு. அட்வான்ஸ் 2 லட்சம் நம்ம பேங்க்ல இருக்கு. அப்புறம் என்ன?”

முதலாளி கேட்பதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். சரக்கு கை மாறிவிட்டது, பில் இருக்கிறது, பணமும் கொஞ்சம் வந்துவிட்டது. விற்பனைக்கு வேறு என்ன வேண்டும்? ஆனால் கணக்கியல் விதி இந்த மூன்றையும் பார்த்து முடிவெடுப்பதில்லை. சரக்கின் மீதான கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது என்பதுதான் அதன் ஒரே கேள்வி.

கன்சைன்மென்ட் என்றால் என்ன?

காமர்ஸ் பாடப் புத்தகங்களில் ‘அனுப்பீடு’ என்று படித்திருப்பீர்கள். ஒருவர் தன் சரக்கை இன்னொரு ஊரில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு அனுப்புகிறார். ஏஜென்ட் அதை விலை கொடுத்து வாங்குவதில்லை. அனுப்பியவர் சார்பாக விற்றுத் தருகிறார், கமிஷன் எடுத்துக்கொள்கிறார், மீதிப் பணத்தை அனுப்புகிறார். விற்காததைத் திருப்பித் தருகிறார். பட்டு, புத்தகம், நகை, கைவினைப் பொருட்கள், பழம், காய்கறி என்று பல தொழில்களில் இது பழைய பழக்கம். புது பிராண்ட் ஆரம்பிக்கும் இளைஞர்களும் இப்போது இதில்தான் போய் நிற்கிறார்கள். “ஷெல்ஃப்ல வைக்கிறோம், வித்தா பணம், இல்லேன்னா எடுத்துட்டுப் போங்க” என்று சூப்பர் மார்க்கெட்காரர் சொன்னால், அதற்குப் பெயர் கன்சைன்மென்ட்தான். ஒப்பந்தத்தில் அந்த வார்த்தை எங்கும் இல்லாமல்கூட இருக்கலாம்.

பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும் Ind AS 115 என்ற கணக்கியல் தரநிலை 2018 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் நடைமுறையில் இருக்கிறது. சரக்கு டீலரிடம் போய்ச் சேர்ந்தாலும், கன்சைன்மென்ட்டாக இருக்கிற வரை வருவாயை எழுதக்கூடாது என்று அது நேரடியாகவே சொல்கிறது. மற்ற நிறுவனங்கள் பின்பற்றும் பழைய AS 9-ம் இதையேதான் சொல்கிறது: மூன்றாவது ஆளுக்கு விற்கும் வரை வருவாய் கிடையாது. ஆக, நிறுவனம் பெரியதோ சிறியதோ, விடை மாறப்போவதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

Ind AS 115 மூன்று அடையாளங்களைத் தருகிறது. ஒன்று, டீலர் தன் வாடிக்கையாளருக்கு விற்பது போன்ற ஏதாவது ஒன்று நடக்கும் வரை, அல்லது ஒரு குறிப்பிட்ட காலம் முடியும் வரை, சரக்கு அனுப்பியவர் கட்டுப்பாட்டிலேயே இருப்பது. இரண்டு, “அந்தச் சேலையை எனக்கே திருப்பி அனுப்புங்க” என்றோ “மதுரைக் கடைக்கு மாத்தி விடுங்க” என்றோ அனுப்பியவர் உத்தரவு போட முடிவது. மூன்று, டீலருக்குப் பணம் கொடுத்தே தீரவேண்டும் என்ற நிபந்தனையற்ற கடமை இல்லாதது. அவர் டெபாசிட் கொடுத்திருக்கலாம். டெபாசிட் கொடுத்ததாலேயே அவர் வாங்கிவிட்டார் என்று ஆகாது.

முதலாளியின் ‘அட்வான்ஸ் வந்துடுச்சே’ என்ற வாதம் விழுவது இந்த மூன்றாவது இடத்தில்தான். அந்த 2 லட்சம் வருவாய் அல்ல. விற்பனை நடந்தால் கழித்துக்கொள்ள வேண்டிய, நடக்காவிட்டால் திருப்பித் தர வேண்டிய கடன். பேலன்ஸ் ஷீட்டில் அது பொறுப்புகள் பக்கம் போக வேண்டும்.

மூன்றில் நடைமுறையில் அதிகம் உதவுவது இரண்டாவது அடையாளம். திருப்பிக் கேட்கும் உரிமை உங்களிடம் இருந்தால் கடைக்காரர் அந்தப் பொருளைத் தன் இஷ்டத்துக்கு எதுவும் செய்ய முடியாது. தன் பொருளை ஒருவர் பாதி விலைக்கு விற்கலாம், சும்மாகூடக் கொடுக்கலாம். கன்சைன்மென்ட் ஏஜென்ட்டால் அது முடியாது. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது இதை மட்டும் கேட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உதாரணத்துக்கு, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலை உற்பத்தியாளர் ஜனவரியில் கோவையில் இருக்கும் ஒரு கடைக்கு 100 சேலைகளைக் கன்சைன்மென்ட்டில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சேலையின் அடக்கம் 6,000 ரூபாய். பேக்கிங், பார்சல் சர்வீஸ், வழியில் சேதமானால் என்று எடுத்த இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். கோவையில் இறக்கிக் கடைக்குள் கொண்டு போக ஏஜென்ட் செலவழித்தது 3,000 ரூபாய். பிறகு விற்பனைக்காக விளம்பரத்துக்கு அவர் போட்டது 8,000 ரூபாய். கமிஷன் 10 சதவீதம். விற்க வேண்டிய விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, ஒரு சேலைக்கு 9,000 ரூபாய். மார்ச் 31 வரை 60 சேலைகள் விற்றிருக்கின்றன.

சரக்கு கிளம்பிய அன்று விற்பனைக் கணக்கில் எதுவும் எழுதுவதில்லை. காஞ்சிபுரம் குடோனில் இருந்த 6 லட்சம் ரூபாய்ச் சரக்கு ‘கோவை கன்சைன்மென்ட்’ என்ற பெயருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இருப்பு இருப்பாகவே இருக்கிறது, இடம் மட்டும் வேறு.

வருடக் கடைசியில் மிச்சமிருக்கும் 40 சேலைகளுக்கு என்ன மதிப்பு போடுவது? 6,000 ரூபாய் மட்டும் போட்டால் குறைவு. சரக்கைக் கோவைக் கடையின் அலமாரி வரை கொண்டு சேர்க்க ஆன செலவும் அடக்கத்தில் சேரும். ஆகவே 12,000-மும் 3,000-மும் சேர்ந்து 15,000, அதாவது சேலைக்கு 150 ரூபாய். ஒரு சேலையின் மதிப்பு 6,150, 40 சேலைக்கு 2,46,000 ரூபாய். விளம்பரத்தின் 8,000 இதில் வராது. அது விற்பதற்கான செலவு, சரக்கைக் கொண்டு சேர்ப்பதற்கான செலவு அல்ல. தேர்வில் மட்டுமல்ல, ஆபீஸிலும் நிறையப் பேர் சறுக்கும் இடம் இது. ஏஜென்ட் செய்த செலவு என்பதற்காக மொத்தமாகச் சேர்த்துவிடுவதும் தப்பு, மொத்தமாக விட்டுவிடுவதும் தப்பு.

இப்போது லாபம். 60 சேலை விற்ற பணம் 5,40,000. அந்த 60 சேலையின் அடக்கம் 3,69,000. கமிஷன் 54,000, விளம்பரம் 8,000. மிஞ்சுவது 1,09,000 ரூபாய்.

முதலாளி சொன்னபடி ஜனவரியிலேயே 100 சேலையையும் விற்பனையாக எழுதியிருந்தால்? விற்பனை 9,00,000 என்று காட்டும். விற்காத 40 சேலையில் சேலைக்கு 2,850 ரூபாய் வீதம் 1,14,000 ரூபாய் கூடுதல் லாபம் வந்து உட்காரும். அவற்றுக்கான கமிஷனை யாரும் இன்னும் கேட்கவில்லை என்பதால் அதுவும் கழியாது. 1,09,000 என்று இருக்க வேண்டிய லாபம் 2,23,000 ஆகத் தெரியும். இரண்டு மடங்குக்கும் மேல்! இல்லாத லாபத்துக்கு வருமான வரி கட்ட வேண்டிவரும். பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டேட்மென்ட்டில், யாரும் தர வேண்டியிராத 3,60,000 ரூபாய் ‘வரவேண்டிய பாக்கி’ என்று நிற்கும். மே மாதம் 15 சேலை திரும்பி வந்தால், போன வருடத்து விற்பனையை இந்த வருடம் அழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காஞ்சிபுரம்காரர் தன் விற்பனையாக 5,40,000-ஐயும் முழுசாகக் காட்ட வேண்டும், கமிஷன் 54,000-ஐச் செலவாகக் காட்ட வேண்டும். கமிஷனும் செலவும் போகக் கையில் வந்ததை மட்டும் ‘சேல்ஸ்’ என்று எழுதக்கூடாது. கோவைக் கடைக்காரர் கதை நேர் எதிர். அவர் கல்லாவில் 5,40,000 விழுந்திருந்தாலும் அவருடைய வருவாய் 54,000 மட்டும்தான். அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் 40 சேலையும் அவருடைய இருப்பில் வராது.

மார்ச் 31-க்கும் ஏப்ரல் 12-க்கும் நடுவில்

விற்பனையை எழுத வேண்டிய தேதி ஏஜென்ட் விற்ற தேதி. அவர் கணக்கு அனுப்பிய தேதியோ பணம் அனுப்பிய தேதியோ அல்ல. ஏஜென்ட் அனுப்பும் இந்தக் கணக்குக்கு ‘அக்கவுன்ட் சேல்ஸ்’ என்று பெயர். எத்தனை விற்றது, என்ன விலைக்கு, என்ன செலவு, கமிஷன் எவ்வளவு, அனுப்ப வேண்டிய பாக்கி எவ்வளவு என்று அதில் இருக்கும். நம் கணக்கில் பாக்கி இப்படி வரும்: 5,40,000-இல் இருந்து இறக்குக் கூலி 3,000, விளம்பரம் 8,000, கமிஷன் 54,000, முன்பே கொடுத்த அட்வான்ஸ் 2,00,000 எல்லாம் கழித்தால் 2,75,000 ரூபாய்.

சிக்கல் என்னவென்றால், மார்ச் மாத அக்கவுன்ட் சேல்ஸ் ஏப்ரல் 12-ஆம் தேதிதான் கைக்கு வரும். அதைப் பார்த்து ஏப்ரலில் எழுதிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. மார்ச்சுக்குள் விற்றது மார்ச் கணக்கில்தான் சேர வேண்டும். அதே தாளில் ஏப்ரல் 3-ஆம் தேதி விற்ற இரண்டு சேலையும் இருந்தால், அவை புது வருடத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் விற்ற தேதி ஒவ்வொரு வரியிலும் இருக்கும்படியான படிவத்தை ஏஜென்ட்டிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. ‘மார்ச் மாதம் – 60 சேலை’ என்று ஒரே வரியில் வரும் கணக்கை வைத்துக்கொண்டு ஆடிட்டரிடம் பதில் சொல்வது கஷ்டம்.

ஏஜென்ட் கடனுக்கு விற்றிருந்தால்? அப்போதும் விற்பனை விற்பனைதான். ஆனால் அந்தக் கடன் வராமல் போனால் நஷ்டம் அனுப்பியவருக்கே. “வராக்கடன் என் பொறுப்பு” என்று ஏஜென்ட் ஏற்றுக்கொண்டால் அதற்குத் தனியாக ஒரு கமிஷன் கேட்பார். அதன் பெயர் டெல் கிரெடர் கமிஷன். ஒப்பந்தத்தில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் யாருடைய பாக்கி சந்தேகத்துக்குரியது என்று யோசிக்க வேண்டும்.

ஜிஎஸ்டி தனிக் கதை

முதலாளி ‘பில் போட்டாச்சே’ என்று சொன்னது நினைவிருக்கிறதா? அதில் ஒரு நிஜமான குழப்பம் ஒளிந்திருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, முதலாளி தன் ஏஜென்ட்டுக்கு விற்பனைக்காகச் சரக்கு அனுப்புவதே ‘சப்ளை’. பணம் கை மாறாவிட்டாலும் வரி உண்டு. ஏஜென்ட் வாடிக்கையாளருக்குத் தன் பெயரில் பில் போடுகிறாரா என்பதே இதற்கான உரைகல் என்று 2018 செப்டம்பரில் வந்த 57-ஆம் எண் சுற்றறிக்கை விளக்கியது. கோவைக் கடைக்காரர் தன் பெயரில் பில் போட்டால், காஞ்சிபுரத்தில் இருந்து சரக்கு கிளம்பும்போதே வரி பில் வேண்டும். காஞ்சிபுரம்காரர் பெயரிலேயே பில் போட்டுக் கொடுத்தால், இந்த அட்டவணைக்குள் வராது.

இந்த அனுப்புதலுக்கு மதிப்பாகச் சந்தை விலையைப் போடலாம். இல்லையென்றால், ஏஜென்ட் வெளி வாடிக்கையாளரிடம் வாங்கும் விலையில் 90 சதவீதத்தைப் போட ஜிஎஸ்டி விதி 29 இடம் தருகிறது. 9,000-க்கு 90 சதவீதம் 8,100. ஆக, 100 சேலைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னில் 8,10,000 ரூபாய் சப்ளை என்று போகிறது. கணக்குப் புத்தகத்தில் விற்பனையோ 5,40,000.

இரண்டும் சரி! வரிச் சட்டம் சரக்கு நகர்வதைப் பார்க்கிறது. கணக்கியல் கட்டுப்பாடு கை மாறுவதைப் பார்க்கிறது. ஆனால் அக்கவுன்டிங் சாஃப்ட்வேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வரி பில்லைச் சாதாரண சேல்ஸ் வவுச்சராகப் போட்டால் 8,10,000-மும் நேராக விற்பனையில் போய் விழும். யாரும் வேண்டுமென்றே ஏமாற்றாமலே கணக்கு தப்பாகிப்போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கன்சைன்மென்ட் பில்களுக்குத் தனி லெட்ஜர் வைத்து, வருடக் கடைசியில் ஜிஎஸ்டி டர்ன்ஓவருக்கும் புத்தக விற்பனைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு பக்கத்தில் விளக்கக் கணக்கு எழுதி வைத்தால், பின்னால் நோட்டீஸ் வரும்போது தேட வேண்டியிருக்காது.

ஏஜென்ட் விற்காமலே விற்பனை ஆவது எப்போது?

அப்படியும் உண்டு. “60 நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் வாங்கியதாகக் கருதப்படும்” என்று ஒப்பந்தம் சொன்னால், அந்தக் கெடு முடிந்த உடனே கடைக்காரர் பணம் தரக் கடமைப்பட்டவர் ஆகிறார். அவர் யாருக்கும் விற்காவிட்டாலும் அனுப்பியவர் விற்பனையை எழுதலாம். 1930-ஆம் வருடத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவும் ‘பிடித்தால் வாங்கு, இல்லையென்றால் திருப்பு’ வகைச் சரக்குக்கு இதே மாதிரிதான் சொல்கிறது. கெடு தாண்டியும் மறுப்புச் சொல்லாமல் வைத்துக்கொண்டால் உரிமை மாறிவிடும்.

இதில் ஒரு பிடி இருக்கிறது. கெடு முடிந்த பிறகும் “பரவால்ல அண்ணே, இன்னும் ரெண்டு மாசம் வச்சிருங்க, விக்கலேன்னா எடுத்துக்கிறேன்” என்று அனுப்பியவர் ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே வந்தால், அந்த 60 நாள் தாளில் மட்டும்தான் இருக்கிறது. ஆடிட்டர் போன வருடம் கெடு தாண்டித் திரும்பி வந்த சரக்கை எடுத்துப் பார்ப்பார். ஒப்பந்தம் ஒன்று, நடப்பு வேறு என்றால் நடப்புத்தான் ஜெயிக்கும்.

இதையே பெரிய அளவில் செய்து மாட்டிய கதை அமெரிக்க மருந்து நிறுவனம் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப்புடையது. 2000, 2001 ஆண்டுகளில் காலாண்டு இலக்கை எட்டுவதற்காக, மொத்த வியாபாரிகளுக்குத் தேவைக்கு மேல் மருந்தை அனுப்பி, அனுப்பிய உடனே விற்பனையாக எழுதியது என்பது அந்நாட்டு பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசியின் குற்றச்சாட்டு. தாளில் பார்த்தால் அது சாதாரண விற்பனைதான். ஆனால் மிகப் பெரிய இரண்டு வியாபாரிகளுக்கு, மருந்து விற்கும் வரை இருப்பு வைக்கும் செலவையும் நிறுவனமே ஏற்றது, அவர்கள் முதலீட்டுக்கு வருமான உத்தரவாதமும் கொடுத்தது. ரிஸ்க் எல்லாம் அனுப்பியவரிடமே இருந்தால் அது விற்பனையா, கன்சைன்மென்ட்டா? இந்த இருவருக்கும் போன சரக்கில் 150 கோடி டாலர் வருவாய் தவறாக எழுதப்பட்டது என்றது எஸ்இசி. 2003-இல் நிறுவனம் பழைய கணக்குகளைத் திருத்தி வெளியிட்டது. 2004-இல் 15 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

தீப்பிடித்தால் யாருக்கு நஷ்டம்?

கோவைக் கடையில் தீப்பிடித்து அந்த 40 சேலையும் எரிந்துபோனால், ஏஜென்ட் மேல் தவறு இல்லாத பட்சத்தில், 2,46,000 ரூபாய் நஷ்டம் காஞ்சிபுரம்காரருடையது. கடைக்காரரின் இன்ஷூரன்ஸ் பாலிசி அவருடைய சொந்தச் சரக்குக்கு மட்டும் இருக்கலாம். ‘பிறர் சரக்கு’ அதில் சேர்ந்திருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கடை கடனில் மூழ்கிவிட்டால், மறுபக்கமாக, அந்த 40 சேலையும் என்னுடையவை என்று சொல்லி எடுத்து வர அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். சேலைகளைத் தனியாக அடுக்கி, டேக் போட்டு, மார்ச் 31 தேதியிட்டு ‘உங்கள் சரக்கு 40 எங்களிடம் இருக்கிறது’ என்று கடைக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தால் போதும். வருடக் கடைசியில் ஆடிட்டர் கேட்பதும் அதே கடிதத்தைத்தான்.

கடிதத்தில் 40-க்குப் பதில் 36 என்று வந்தால் முதலில் கேட்க வேண்டியது விற்காமல் விட்ட பில் அல்ல, விற்றும் சொல்லாமல் விட்ட பில். சில சமயம் மற்றொரு செய்தியும் அந்தக் கடிதத்தோடு வரும்: “10 சேலை பழைய டிசைன், 5,500-க்குத்தான் போகும்.” அப்படியென்றால் 10 சதவீதக் கமிஷன் போகக் கைக்கு வருவது 4,950. அடக்கமோ 6,150. இருப்பை எப்போதும் அடக்கம், கைக்கு வரக்கூடிய தொகை இரண்டில் குறைந்ததில்தான் காட்ட வேண்டும் என்பதால், சேலைக்கு 1,200 வீதம் 12,000 ரூபாயை இந்த வருடமே நஷ்டமாக எழுதிவிட வேண்டும். 1,09,000 லாபம் 97,000 ஆகிவிடும். சேலை இன்னும் விற்கவில்லையே என்று அதை அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியாது.